அசலைத் தொடாமல் வட்டியில் மட்டும் வாழ்ந்தால் பணம் தீரவே தீராது, சரிதானே?

மணல்கடிகாரம் | மார்ச் 3, இரவு 9:12

ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். திட்டம் எளிமையானது. 10 லட்சத்தை 8 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டுவிடுவேன். வருடம் 80,000 வரும், அதைச் செலவழிப்பேன். அசல் 10 லட்சம் கடைசிவரை அப்படியே கிடக்கும். இதில் என்ன தப்பு? யாரிடம் சொன்னாலும் "பணவீக்கம், பணவீக்கம்" என்று பயமுறுத்துகிறார்கள். பணவீக்கம் 6 என்றே வைத்துக்கொள்வோம். என் வட்டி அதைவிட அதிகம்தானே? 2 சதவீதம் லாபத்தில்தானே இருக்கிறேன்? அசலில் ஒரு காசு தொடவில்லை என்றால் அது எப்படிக் கரையும்?

பழைய பேரேடு | மார்ச் 3, இரவு 10:05

2 சதவீதம் லாபம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு ஏன் 8 சதவீதத்தையும் செலவழிக்கிறீர்கள்?

வம்புக்குக் கேட்கவில்லை. உங்கள் கேள்விக்குப் பதிலே அதில்தான் இருக்கிறது. விலைகள் 6 சதவீதம் ஏறினால், இன்று 10 லட்சத்துக்குக் கிடைப்பதை அடுத்த வருடம் வாங்க 10,60,000 வேண்டும். ஆக, அசலை இதே பலத்தில் நிறுத்தி வைக்கவே 60,000 தேவை. உங்கள் 80,000 வட்டியில் அந்த 60,000 வருமானமே இல்லை. அசலில் ஏற்பட்ட தேய்மானத்தை வங்கி வட்டி என்ற பெயரில் திருப்பித் தருகிறது. மிச்சம் 20,000தான் நீங்கள் சம்பாதித்தது. எண்பதையும் செலவழித்தால் அறுபதாயிரம் அளவுக்கு அசலைச் சாப்பிட்டுவிட்டீர்கள். பாஸ்புக்கில் மட்டும் அது தெரியாது.

தென்றல் வாசகி | மார்ச் 4, காலை 7:30

பேரேடு சார் சொல்வது சரி. ஆனால் பணவீக்கம் எப்போதும் 6லேயே நிற்காதே, இறங்கவும் செய்யும். போன வருடம் 8 இருந்து இந்த வருடம் 4 ஆனால், ஏறின விலை பாதி திரும்பி வந்துவிடும். நீண்ட காலத்தில் சமன் ஆகிவிடும் என்பது என் கருத்து.

பழைய பேரேடு | மார்ச் 4, காலை 8:02

மேடம், எதுவும் திரும்பி வராது. 100 இருந்தது 8 சதவீதம் ஏறி 108. மறுவருடம் அந்த 108க்கு மேல் 4 சதவீதம் ஏறி 112.32. இறங்கியது ஏறும் வேகம் மட்டும்தான், விலை இல்லை. விலை இறங்க வேண்டுமென்றால் பணவீக்கம் சுழியத்துக்குக் கீழே போக வேண்டும்.

அப்படி நடந்ததும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஜப்பானில் வங்கி வட்டி கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, விலைகளோ மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. பணத்தைச் சும்மா வைத்திருந்தவருக்கும் வாங்கும் சக்தி கொஞ்சம் கூடியது. வட்டி சுழியம், உண்மை லாபம் உண்டு. உங்கள் கணக்கில் அதற்கு நேர் எதிர், அவ்வளவுதான்.

கடன்காரன் | மார்ச் 4, மதியம் 1:15

அண்ணே, நான் 9 சதவீதத்தில் நிலையான வட்டிக்கு வீட்டுக் கடன் வாங்கியிருக்கேன். அப்போ பணவீக்கம் என் கடனையும் கரைக்குதுன்னுதானே அர்த்தம்? அவசரப்பட்டு அடைக்க வேண்டாம்னு நண்பன் சொல்றான்.

குட்டிக்கேள்வி | மார்ச் 4, மதியம் 1:20

இழை டெபாசிட் பற்றியது, இவர் கடனோடு வந்து நிற்கிறார் :)

பழைய பேரேடு | மார்ச் 4, இரவு 9:40

கடன்காரரே, உங்களுக்கு நாளை. முதலில் மணல்கடிகாரத்தின் கணக்கை முழுசாகப் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் இழை எங்கேயாவது போய்விடும்.

வருடம் தவறாமல் 80,000 எடுக்கிறீர்கள், அசலைத் தொடவில்லை. 12 வருடம் கழித்தும் பாஸ்புக்கில் 10 லட்சம்தான் இருக்கும். ஆனால் வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் விலைகள் இரட்டிப்பாகும். அந்த 10 லட்சம் இன்றைய 5 லட்சத்துக்குச் சமம், அந்த 80,000 இன்றைய 40,000க்குச் சமம். அசலும் பாதி, மாத வாழ்க்கையும் பாதி. பணம் தீரவில்லை என்பது உண்மை. நீங்கள்தான் வருடா வருடம் பட்டினியைப் பழகிக்கொள்கிறீர்கள்.

"முடியாது, இன்றைய வசதியிலேயே வாழ்வேன்" என்றால் எடுக்கும் தொகை வருடம் 6 சதவீதம் ஏற வேண்டும். அதையும் பார்ப்போம்:

```
ஆண்டு   எடுப்பது     ஆண்டு முடிவில் இருப்பு
1        80,000      10,00,000
2        84,800       9,95,200
3        89,888       9,84,928
4        95,281       9,68,441
5      1,00,998       9,44,918
10     1,35,158       6,86,616
15     1,80,872         69,725
```

16வது வருடம் 1,91,725 வேண்டும். 69,725ஐ வட்டியோடு சேர்த்தாலும் 75,000 சொச்சம்தான் தேறும். கதை முடிந்தது.

இந்தப் பட்டியலில் நான் கவலைப்படுவது கடைசி வரியைப் பார்த்து அல்ல, நான்காவது வரியைப் பார்த்து. நாலு வருடம் ஓடிய பிறகும் அசலில் 32,000 கூடக் குறையவில்லை. எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று தோன்றும். கரைவது முதலில் மெதுவாக இருந்து, அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, பிறகு இரண்டும் சேர்ந்து இழுக்கும். ஆபத்து கண்ணுக்குத் தெரியும்போது வயது எழுபதைத் தாண்டியிருக்கும், வேறு வேலையும் தேட முடியாது.

மணல்கடிகாரம் | மார்ச் 4, இரவு 11:30

15 வருடமா?! நான் சாகும்வரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அப்படியானால் எவ்வளவு எடுத்தால் தீராது? அந்த 20,000 மட்டும்தானா? அதில் என்னத்தைச் சாப்பிடுவது?

பழைய பேரேடு | மார்ச் 5, காலை 6:50

முதல் வருடம் 20,000, பிறகு வருடம் 6 சதவீதம் ஏற்றிக்கொண்டே போகலாம். அசலும் அதே வேகத்தில் வளரும். உங்கள் டெபாசிட் என்றென்றைக்கும் தாங்கும் சுமை அவ்வளவுதான். ஆனால் என்றென்றைக்கும் தாங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. யாருக்கும் எதையும் விட்டுப்போக வேண்டாம் என்றால் அசலையும் சேர்த்துச் சாப்பிடலாம், அது குற்றம் இல்லை. தெரிந்து சாப்பிட வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று, இதில் வரியை நான் சேர்க்கவே இல்லை.

தென்றல் வாசகி | மார்ச் 5, காலை 9:10

வரி போனால் இரண்டில் கொஞ்சம் குறையும். 25 சதவீதம் வரி என்றால் 2ல் கால்வாசி போய் 1.5 மிஞ்சும். அதுகூடப் பரவாயில்லையே?

பழைய பேரேடு | மார்ச் 5, காலை 10:30

பெரும்பாலானவர்கள் வழுக்கும் இடம் இதுதான், அதனால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

வரி அந்த 20,000 மேல் போடப்படுவதில்லை. 80,000 மேல் போடப்படுகிறது. பெரும்பாலான நாடுகளில் வரித்துறைக்கு வாங்கும் சக்தி தெரியாது, சான்றிதழில் அச்சடித்த வட்டி மட்டும்தான் தெரியும். 80,000ல் 25 சதவீதம் 20,000. கையில் மிஞ்சுவது 60,000. அசலின் தேய்மானத்தை ஈடுகட்டத் தேவை 60,000. செலவழிக்க மிச்சம் சுழியம்.

அதாவது நீங்கள் உண்மையில் சம்பாதித்தது 20,000, கட்டிய வரி 20,000. பெயருக்கு 25 சதவீதம், நிஜத்தில் 100 சதவீதம். இதையே பணவீக்கமே இல்லாத, வட்டி 2 சதவீதம் மட்டும் தரும் காலத்தில் போட்டுப் பாருங்கள். வட்டி 20,000, வரி 5,000, மிச்சம் 15,000. அங்கேதான் மேடம் சொன்ன 1.5 வரும். இரண்டு இடத்திலும் உண்மை வட்டி ஏறக்குறைய அதே 2. வரி விகிதமும் அதே 25. பணவீக்கம் நடுவில் நுழைந்ததும் யாரும் சட்டத்தைத் திருத்தாமலே வரி நாலு மடங்கு ஆகிவிட்டது.

இன்னும் போகலாம். வட்டி 14, பணவீக்கம் 12. வித்தியாசம் அதே 2தான். வரி போக 10.5 மிஞ்சும், தேவை 12. உட்கார்ந்த இடத்தில் நஷ்டம், அதற்கு வரியும் கட்டியாயிற்று. 14 சதவீதம் என்று விளம்பரம் பார்த்தால் ஜனம் வரிசையில் நிற்கும்.

குட்டிக்கேள்வி | மார்ச் 5, காலை 10:41

காலையில் இதைப் படித்திருக்கக் கூடாது.

பங்குப்பித்தன் | மார்ச் 5, மாலை 4:00

இதனால்தான் டெபாசிட் பக்கமே போகக் கூடாது என்கிறேன். 20 வருடத்துக்கு முன்னால் வாங்கிப் போட்ட பங்குகள் இன்று மூன்று மடங்கு. 200 சதவீத லாபம். பணவீக்கம் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பழைய பேரேடு | மார்ச் 5, மாலை 5:25

20 வருடத்தில் மூன்று மடங்கு என்பது வருடத்துக்கு 5.65 சதவீதம். அதே 20 வருடம் விலைகள் 6 சதவீதம் வீதம் ஏறியிருந்தால் 3.2 மடங்கு ஆகியிருக்கும். 3ஐ 3.2ஆல் வகுத்துப் பாருங்கள். போட்டதில் ஆறேழு சதவீதம் வாங்கும் சக்தி குறைந்திருக்கிறது. விற்றால் அந்த "200 சதவீத லாபத்துக்கு" வரி வேறு.

உங்கள் ஊர்ப் பணவீக்கம் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது, 4 இருந்திருந்தால் நீங்கள் நல்ல லாபத்தில்தான் இருக்கிறீர்கள். வழியில் வந்த ஈவுத்தொகையையும் நீங்கள் சேர்க்கவில்லை, அது வந்திருந்தால் கணக்கே மாறும். காலத்தைச் சொல்லாமல் மடங்கை மட்டும் சொன்னால் அது எதையும் நிரூபிக்காது.

பங்குப்பித்தன் | மார்ச் 5, மாலை 5:50

ஈவுத்தொகை வந்தது, செலவழித்துவிட்டேன். கணக்கு வைக்கவில்லை. எதுவானாலும் டெபாசிட்டைவிட மேல் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

பழைய பேரேடு | மார்ச் 5, இரவு 8:15

இருக்கலாம். நான் மறுக்கவில்லை.

கடன்காரரே, உங்கள் முறை. நண்பர் சொல்வதில் பாதி சரி. 9 சதவீதக் கடனும் 6 சதவீதப் பணவீக்கமும் என்றால் நீங்கள் உண்மையில் சுமப்பது 3க்குச் சற்றுக் கீழே. ஆனால் "பணவீக்கம் கடனைக் கரைக்கிறது" என்று சந்தோஷப்படும் முன் வங்கிக்காரர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். விலை ஏறும் என்று அவருக்கும் தெரியும். அதை எதிர்பார்த்து முன்கூட்டியே சேர்த்துத்தான் 9 என்று போட்டார். எதிர்பார்த்த பணவீக்கம் வந்தால் யாருக்கும் இனாம் கிடையாது. எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால் உங்களுக்கு லாபம், குறைவாக வந்தால் வங்கிக்கு. இர்விங் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் நூறு வருடத்துக்கு முன்பே பேசிய விஷயம் இது. (அவரே 1929 அக்டோபரில், பங்கு விலைகள் இனி இறங்காத உயரத்தில் நிலைத்துவிட்டன என்று சொல்லி, சில நாளில் சந்தை சரிந்து சொத்தை இழந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பங்குப்பித்தன் கோபிக்க வேண்டாம்.)

எதிர்பார்ப்பு எப்படியெல்லாம் தவறும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1970களின் கடைசியில் அங்கே சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அரசே வட்டி உச்சவரம்பு வைத்திருந்தது, சுமார் ஐந்தரை சதவீதம். 1980ல் பணவீக்கம் 13.5. பாஸ்புக்கில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை, ஆனால் ஒரே வருடத்தில் வாங்கும் சக்தியில் ஏழு சதவீதம் போனது. அடுத்த வருடமே கதை தலைகீழ். 1981ல் 30 வருட அரசுப் பத்திரம் ஏறக்குறைய 15 சதவீதம் தந்தது. பணவீக்கத்தால் சூடுபட்ட ஜனம் அதைத் தொடவே பயந்தது. 1983ல் பணவீக்கம் 3.2க்கு வந்துவிட்டது. துணிந்து வாங்கியவர்களுக்குப் பல வருடம் இரட்டை இலக்கத்தில் உண்மை வட்டி.

கடன்காரன் | மார்ச் 6, காலை 7:05

புரியுது. ஆனா ஒண்ணு, என் சம்பளம் மூணு வருஷமா ஏறவே இல்லை. எனக்கு எங்கே கரையுது?

பழைய பேரேடு | மார்ச் 6, காலை 7:30

உங்களுக்குக் கரையவில்லை தம்பி. கடன் கரைவது சம்பளம் விலையோடு சேர்ந்து ஏறுபவருக்கு மட்டும்தான். சம்பளம் நின்றுவிட்டால் தவணையின் பாரம் அப்படியே இருக்கும், மற்ற செலவு ஏறும், இரண்டு பக்கமும் இடி. நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள், கூடுதல் பணம் கிடைத்தால் அடையுங்கள்.

தென்றல் வாசகி | மார்ச் 6, மாலை 6:20

எனக்கு வேறொரு சந்தேகம். அரசு சொல்லும் 6ஐ நான் நம்புவதில்லை. என் வீட்டுச் செலவு போன வருடத்தைவிட 15 சதவீதம் அதிகம், நான் எழுதி வைக்கிறேன். அப்போது என் பணவீக்கம் 15 தானே?

பழைய பேரேடு | மார்ச் 6, இரவு 9:00

செலவு ஏறுவது வேறு, விலை ஏறுவது வேறு. போன வருடம் வாங்கிய அதே பொருள்களை அதே அளவில் வாங்க இப்போது எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். வீடு மாறினீர்களா, புதிதாக எதற்காவது சந்தா கட்டுகிறீர்களா, குழந்தை மேல்வகுப்புக்குப் போனதா? இதெல்லாம் செலவைக் கூட்டும், விலைவாசியை அல்ல.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. குறியீடு என்பது ஒரு சராசரிக் குடும்பத்தின் கூடை. அந்தக் கூடையில் பாதி வருடம் 10 சதவீதம் ஏறும் பொருள்கள், மறுபாதி 2 சதவீதம் ஏறுபவை என்றால் சராசரி 6. உங்கள் வீட்டில் மருத்துவச் செலவும் வாடகையும் சேர்ந்து முதல் வகையே 80 சதவீதம் என்றால் உங்களுக்கு 8.4. அரசு பொய் சொல்லவில்லை, உங்கள் கூடை வேறு. அந்த 8.4க்கு 8 சதவீத வட்டி வரிக்கு முன்பே நஷ்டம். சொந்த வீட்டில் இருக்கும் ஆரோக்கியமான இளைஞருக்கு அதே டெபாசிட் லாபமாக இருக்கும்.

தென்றல் வாசகி | மார்ச் 6, இரவு 9:25

வீடு மாறினோம். ஒரு அறை கூடுதல். ஆனாலும் 6 என்பதை ஏற்க மனம் வரவில்லை.

குட்டிக்கேள்வி | மார்ச் 7, காலை 8:00

இன்னும் ஒரு சின்னச் சண்டை பாக்கி. வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழிக்கிறீர்களா, வகுக்கிறீர்களா? பேரேடு ஒரு இடத்தில் கழிக்கிறார், ஒரு இடத்தில் வகுக்கிறார்.

பழைய பேரேடு | மார்ச் 7, காலை 8:45

கண் கூர்மைதான். வகுப்பதுதான் சரி. 1.08ஐ 1.06ஆல் வகுத்தால் 1.0189, அதாவது 1.89 சதவீதம். கழித்தால் 2. வருட முடிவில் வரும் அந்த 20,000க்கும் அதற்குள் விலை ஏறிவிட்டது, இன்றைய கணக்கில் அது 18,868தான். சின்ன எண்களில் மனக்கணக்குக்குக் கழித்தால் போதும். வட்டி 50, பணவீக்கம் 40 என்று ஓடும் நாட்டில் கழித்தால் 10 வரும், உண்மையில் 7.1தான். அங்கே கழிப்பவர் ஏமாந்துபோவார்.

மணல்கடிகாரம் | மார்ச் 7, இரவு 10:10

பணவீக்கத்தோடு சேர்ந்து அசலே ஏறும் அரசுப் பத்திரம் சில நாடுகளில் இருக்கிறதாமே? அதை வாங்கினால் இந்தத் தலைவலி தீருமா?

பழைய பேரேடு | மார்ச் 8, காலை 7:15

இருக்கிறது. பிரிட்டன் 1981ல் தொடங்கியது, அமெரிக்கா 1997ல். உங்கள் பிரச்சினைக்குக் கிட்டத்தட்ட நேர் மருந்து. முதிர்வுவரை வைத்திருந்தால் குறியீட்டுக்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்று முதல் நாளே தெரியும்.

ஆனால் மூன்று விஷயம். அமெரிக்காவில் ஏறிய அசலுக்கும் வருடா வருடம் வரி உண்டு, பணம் கைக்கு வருவதோ முதிர்வின்போதுதான். அதனால் மேலே சொன்ன வரித் தொல்லை தீராது. இரண்டாவது, நடுவில் விற்றால் நஷ்டம் வரலாம். 2022ல் பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோதே இந்தப் பத்திரங்களின் சந்தை விலை விழுந்தது, உண்மை வட்டி விகிதம் ஏறியதால். பலருக்கு அது புரியவே இல்லை. மூன்றாவது, பாதுகாப்புக்கு விலை உண்டு. 2010 அக்டோபரில் அமெரிக்கா 5 வருடப் பத்திரத்தை ஏலம் விட்டபோது உண்மை வட்டி சுழியத்துக்குக் கீழே போனது. நஷ்டம் நிச்சயம் என்று தெரிந்தும் வாங்கினார்கள், பெரிய நஷ்டம் வராது என்பதற்காக.

மணல்கடிகாரம் | மார்ச் 8, இரவு 9:50

யோசித்தேன். பிள்ளைகளுக்கு என் பணம் வேண்டியதில்லை. 25 வருடத்தில் அசலும் தீரட்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். வரி இல்லை என்றால் முதல் வருடம் சுமார் 53,500 எடுத்து, பிறகு வருடம் 6 சதவீதம் ஏற்றலாம் என்று வருகிறது. 80க்கும் 20க்கும் நடுவில். வாழ முடியும். ஆனால் அந்த 6 தான் உறுத்துகிறது. போன வருடக் குறியீட்டைப் பார்த்துப் போட்டேன், அது சரியா?

பழைய பேரேடு | மார்ச் 8, இரவு 10:20

நானும் போட்டுப் பார்த்தேன், 53,500 சரி.

6 பற்றி: டெபாசிட் வட்டி வரப்போகும் வருடங்களுக்கானது, குறியீடு போன வருடத்தைச் சொல்கிறது. பழையதை வைத்துப் புதியதைக் கழிப்பதுதான் பத்திரிகைகளே செய்யும் குளறுபடி. 6க்குப் பதில் 7 போட்டு ஒரு தடவை, 5 போட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். 7 போட்டால் முதல் வருடத் தொகை 48,000க்குப் பக்கத்தில் இறங்கும். நானாக இருந்தால் அதில் தொடங்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மீதமுள்ள அசலையும் மீதமுள்ள வருடத்தையும் வைத்து மறுபடி போடுவேன். வரியைச் சேர்க்க மறக்காதீர்கள்.

பங்குப்பித்தன் | மார்ச் 8, இரவு 10:31

25 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டால்?

மணல்கடிகாரம் | மார்ச் 8, இரவு 10:40

அதைத்தான் மனைவியும் கேட்கிறாள். 30 போட்டுப் பார்த்துவிட்டு நாளை எழுதுகிறேன்.